பரிசோதனை முடிவுகளை விளக்கும் அமர்வு: பெங்களூரு, 23 வயது இளைஞருக்கு உளவியலாளர் கூறியது

இரண்டு சனிக்கிழமைகளில் நீங்கள் செய்த பரிசோதனைகளின் முடிவுகளை இன்று சேர்ந்து பார்ப்போம். இடையில் கவனம் விலகினால் தயங்காமல் சொல்லுங்கள். விட்ட இடத்திலிருந்து மறுபடியும் சொல்கிறேன். எல்லாவற்றையும் எழுத்திலும் தருவதால், எதையும் மனத்தில் பிடித்துவைக்க வேண்டியதில்லை.

முதல் நாள் நீங்கள் கேட்ட கேள்வியை அறிக்கையின் மேலேயே எழுதி வைத்திருக்கிறேன்: "நான் சோம்பேறியா, இல்லை எனக்கு மூளை மட்டமா?" இரண்டும் இல்லை என்பதே என் பதில். எதை வைத்து அப்படிச் சொல்கிறேன் என்று பாருங்கள்.

அறிவுத்திறன் சோதனையில் 100 என்பது உங்கள் வயதினரின் சராசரி. மூன்றில் இரண்டு பேர் 85க்கும் 115க்கும் இடையில் வருவார்கள். சொற்களைக் கொண்டு சிந்திக்கும் திறனில் நீங்கள் பெற்றது 118. அதாவது உங்கள் வயதுள்ள 100 பேரை வரிசையில் நிறுத்தினால், ஏறத்தாழ 88 பேர் உங்களுக்குப் பின்னால் நிற்பார்கள். வடிவங்களையும் ஒழுங்குகளையும் கண்டுபிடிப்பதில் 112. ஆனால், ஒரு தகவலை மனத்தில் பிடித்துக்கொண்டே அதை வைத்து வேலை செய்யும் செயல்நினைவில் 86, எளிய வேலையை விரைந்து முடிக்கும் வேகத்தில் 89. கடைசி இரண்டும் குறைபாடுள்ள எண்கள் அல்ல, சராசரி வட்டத்துக்குள்தான் இருக்கின்றன. கவனிக்க வேண்டியது முதல் எண்ணுக்கும் அவற்றுக்கும் இடையே உள்ள தூரம். இத்தனை தூரம் இருக்கும்போது எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொன்னால் அது உங்களைத் தவறாகக் காட்டும் என்பதால், அந்த மொத்த எண்ணை நான் முன்வைக்கவில்லை.

நான் சொன்ன இலக்கங்களை அதே வரிசையில் திருப்பிச் சொன்னபோது ஆறு வரை தடுமாற்றமே இல்லை. பின்னிருந்து சொல்லச் சொன்னபோது நான்கிலேயே நின்றுவிட்டீர்கள். கூட்டத்தில் மேலாளர் மூன்று வேலைகளை வாயால் சொல்லும்போது மூன்றும் புரிகின்றன, இருக்கைக்குத் திரும்புவதற்குள் ஒன்றுதான் மிஞ்சுகிறது என்றீர்களே, அதுவும் இதுவும் ஒன்றுதான். திரையில் எழுத்துகளைப் பார்த்துப் பொத்தானை அழுத்தும் சோதனையில் முதல் சில நிமிடங்கள் உங்கள் வயதினரைப் போலவே செய்தீர்கள்; நேரம் போகப்போகத் தவறவிட்டவை கூடின. அப்போது நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றதை நான் அருகிலிருந்து பார்த்தேன். முயற்சி குறையவில்லை, கவனத்தைத் தொடர்ந்து தாங்கிப் பிடிப்பதுதான் கடினமாக இருந்தது.

இந்தச் சோதனைகள் மட்டும் எதையும் தீர்மானித்துவிடாது. தூக்கமின்மை, தைராய்டு, பதற்றம், மனச்சோர்வு ஆகியவையும் இதே மாதிரியான முடிவுகளைத் தரலாம். அதனால்தான் இரத்தப் பரிசோதனை கேட்டேன், உறக்கத்தைப் பற்றி அத்தனை கேள்விகள் கேட்டேன். அவற்றில் இதை விளக்கும்படி எதுவும் இல்லை. கவனத்தைத் தாங்கிப் பிடிப்பதைக் கடினமாக்கும் ஏ.டி.எச்.டி. என்ற நிலை இது என்று சொல்ல, பன்னிரண்டு வயதுக்கு முன்பே அறிகுறிகள் தென்பட்டிருக்க வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. நான்காம் வகுப்பில் வாரத்துக்கு ஒரு குடை தொலைந்த கதையை உங்கள் அம்மா சொன்னார். அவர் பத்திரப்படுத்தி வைத்திருந்த மதிப்பெண் அட்டையில் "கெட்டிக்காரன், ஆனால் கவனம் இல்லை" என்று ஆசிரியர் எழுதியிருக்கிறார். இன்று அலுவலகம், வீடு இரண்டிலும் அது தொடர்கிறது. அல்சூரில் இறங்க வேண்டியவர் மெட்ரோவில் இரண்டு நிறுத்தம் தாண்டிப் போவதும் அதில் சேரும். இவை அனைத்தையும் சேர்த்துப் பார்த்தே, கவனச்சிதறல் மேலோங்கிய ஏ.டி.எச்.டி. என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

இந்தப் பெயர் உங்கள் கவனம் இயங்கும் விதத்தைக் குறிக்கிறது. உங்கள் குணத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. வளர்ப்பிலோ மன உறுதியிலோ ஏற்பட்ட பிழையால் இது வருவதில்லை. பரம்பரைக்கு இதில் பெரிய பங்கு உண்டு. அம்மா தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்கிறார் என்றீர்கள். இந்த ஒரு பத்தியை அவருக்குப் படித்துக் காட்டலாம்.

மருந்து வேண்டுமா என்பதை மனநல மருத்துவரோடு பேசி நீங்கள் முடிவு செய்யலாம். மருந்து எழுதித் தருவது என் பணி அல்ல, ஆயினும் பலருக்கு அது உதவுகிறது என்பதை நான் சொல்லியாக வேண்டும். அதற்குக் காத்திராமல் திங்கட்கிழமையே தொடங்கக்கூடியது ஒன்று உண்டு: வாயால் சொல்லப்படும் வேலைகளை எழுத்தில் அனுப்பும்படி மேலாளரிடம் கேளுங்கள். காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

அறிக்கை உங்களுடையது. நீங்கள் எழுத்தில் ஒப்புதல் தராமல் அலுவலகத்துக்கோ வீட்டுக்கோ நான் ஒரு வரியும் தரமாட்டேன். இப்போது மூன்றாம் பக்கத்தைத் திறங்கள். உங்கள் பள்ளி நாட்களைப் பற்றி நான் எழுதியிருப்பதில் உங்கள் நினைவோடு ஒத்துப்போகாத வரி ஏதேனும் இருந்தால், கையெழுத்திடும் முன் திருத்திவிடுகிறேன்.