அரங்கேற்ற அழைப்பிதழ் அட்டைக்கான ஓவியக் குறிப்பு

பரதநாட்டியப் பெண், குழலூதும் கண்ணனாக நிற்கிறாள். இடது காலில் நிற்க, வலது கால் முன்னால் குறுக்கே வந்து விரல் நுனியில் ஊன்றியிருக்கும். வெறுங்கால்தான், கணுக்காலுக்கு மேல் சலங்கை.

கைகள்தான் முக்கியம். இரண்டிலும் மிருகசீர்ஷம்: கட்டைவிரலும் சுண்டுவிரலும் நீண்டிருக்க, நடு மூன்று விரல்களும் அடிக்கணுவில் மட்டும் முன்னால் மடங்கும். முஷ்டியாகிவிடக் கூடாது. இடக்கை உதட்டருகே, வலக்கை அவளது வலத்தோளைத் தாண்டி. குழலை வரையவே வேண்டாம், கைகளே காட்டிவிடும். விரல் நுனிகளில் சிவப்புச் சாயம்.

மயில்கழுத்து நிறப் பட்டு, அரக்கு பார்டர், முன்னால் விசிறி மடிப்பு. இடையில் ஒட்டியாணம், மேற்கையில் வங்கி, காதில் மாட்டலோடு ஜிமிக்கி. நெற்றிச்சுட்டிக்கு இருபுறமும் சூரியப்பிரபை, சந்திரப்பிரபை. அவளுக்கு வலப்பக்கம் சூரியன், அதாவது படத்தில் நமக்கு இடப்பக்கம். அச்சுக்காகப் படத்தைத் திருப்பிப் போட்டுவிடாதீர்கள்.