பொருள்: மாவட்டத்தை மாற்றினால் பக்கம் ரீலோடு ஆகி, நிரப்பிய விவரங்கள் எல்லாம் அழிந்துபோவது குறித்து

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். நான் பாலக்கோட்டில் வசிக்கும் ஓய்வு பெற்ற வருவாய்த் துறை உதவியாளன். உங்கள் தளத்தில் இரண்டு வருடமாக பில் கட்டி வருகிறேன். இது என் இரண்டாவது புகார். முதல் புகாருக்கு "கேச் கிளியர் செய்துவிட்டு மீண்டும் முயலவும்" என்று பதில் வந்தது. கிளியர் செய்தேன். அதனால் நடந்தது ஒன்றே ஒன்றுதான், என் பாஸ்வேர்டையும் மறுபடி அடிக்க வேண்டி வந்தது. அதனால் இந்த முறை நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஒரே தடவையில் பல பில்களைக் கட்டும் பக்கத்தைத்தான் நான் பயன்படுத்துகிறேன். இந்த மாதம் 11-ஆம் தேதி காலை பத்து மணிக்கு உட்கார்ந்தேன். முதல் வரியில் என் வீட்டு மின் கட்டணம், இரண்டாவதில் கடை மின் கட்டணம். இரண்டுமே தருமபுரி மாவட்டம், சிக்கலில்லை. மூன்றாவது ஓசூரில் இருக்கும் என் மகள் வீட்டு மின் இணைப்பு. அதற்காக மாவட்டத்தை கிருஷ்ணகிரி என்று மாற்றினேன். பக்கம் ஒரு நொடி வெள்ளையாகி மறுபடி வந்தது. கிருஷ்ணகிரி மட்டும் நின்றது, மேலே நிரப்பிய இரண்டு வரியும் காலி. இணைப்பு எண், கைபேசி எண், எழுத்துச் சோதனைப் பெட்டி எல்லாம் முதலிலிருந்து.

என் கை தவறோ என்று நினைத்து மூன்று முறை செய்து பார்த்தேன். மூன்று முறையும் அப்படியே ஆயிற்று. பேரனின் லேப்டாப்பிலும் பார்த்தேன், அதே கதை. கிருஷ்ணகிரியை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு தருமபுரிக்கு மாறினாலும் அழிகிறது. மாவட்டத்தைத் தொடாமல் இருந்தால் ஐந்து வரி நிரப்பினாலும் ஒன்றும் ஆவதில்லை. ஆகவே கோளாறு அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது என்பது என் முடிவு. உங்கள் பொறியாளர் இரண்டு நிமிடத்தில் இதைச் செய்து பார்த்துவிடலாம்.

2004-ல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது நான் அலுவலகத்தில் இருந்தேன். மூட்டை மூட்டையாகக் கோப்புகளைப் பிரித்துக் கட்டி அனுப்பினோம். எங்கள் பிரிவில் ஒரு தாளும் காணாமல் போகவில்லை. உங்கள் பக்கத்தில் ஒரு மாவட்டத்தின் பெயரைத் தொட்டாலே இன்னொன்றின் கணக்கு போய்விடுகிறது!

இன்னொன்று, இது கைபேசியில் மட்டும். ஓடிபி மேலே வந்து நான் கண்ணாடியைப் போடுவதற்குள் மறைந்துவிடுகிறது. மெசேஜுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினால் பக்கம் புதிதாகத் திறக்கிறது. எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் பையன், "தாத்தா, உங்க போன்ல மெமரி கம்மி, அதான் பிரவுசர் பின்னாடி இருக்கற பக்கத்த விட்டுடுது" என்றான். சரி, அது என் போனின் குறை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் திரும்பி வந்ததும் நிரப்பியதை அப்படியே காட்ட வழி இருக்கிறது என்றும் அவனேதான் சொன்னான். ஓடிபியைச் சேமிக்கச் சொல்லவில்லை. இணைப்பு எண்ணாவது நிற்கட்டும்.

சில நேரம் `Session Expired` என்றும் வருகிறது. பாதுகாப்புக்காக நேரம் வைத்திருப்பீர்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. முடிவதற்கு ஒரு நிமிடம் முன்பு சொன்னால் போதும்.

பணம் எதுவும் தவறாகப் போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 11-ஆம் தேதி `Pay Now` அழுத்தியபின் ஒரு முறை பக்கம் வெள்ளையானது. கட்டியாயிற்றா இல்லையா என்று தெரியாமல், வங்கிக்குப் போய் பாஸ்புக்கில் வரவு செலவு பதிந்து பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. அவசரக்காரராக இருந்தால் இரண்டாவது முறை கட்டியிருப்பார்.

மீட்டர் ரீடிங் எடுத்து இருபதாவது நாள் மகள் வீட்டு பில்லுக்குக் கடைசி. அன்று மாலை வரை முயன்றுவிட்டு, அவளையே கட்டச் சொல்லிவிட்டேன். "இதுக்கு ஏம்ப்பா இவ்வளவு பாடு" என்று சிரித்தாள். அவள் வீட்டு மின் கட்டணத்தை நான் கட்டுவது எங்களுக்குள் உள்ள வழக்கம், பொங்கல் சீர் மாதிரி. அது இந்தத் தடவை தவறிப்போனதில்தான் எனக்கு வருத்தம்.

மாவட்டத்தை மாற்றினாலும் மற்ற வரிகள் அழியாமல் இருக்கும்படி செய்யுங்கள். அதற்கு எத்தனை நாள் ஆகும் என்று எழுதுங்கள். அதுவரை அந்தப் பக்கத்தின் மேலே, ஒரு மாவட்டத்துக்கு ஒரு தடவையாகத் தனித்தனியே கட்டவும் என்று இரண்டு வரி போட்டுவையுங்கள், என்னைப் போன்றவர்கள் பிழைத்துப்போவார்கள். மூன்று முறையும் எடுத்த ஸ்கிரீன்ஷாட்களை இத்துடன் இணைத்திருக்கிறேன். இணைப்பு எண்கள் என் கணக்கிலேயே இருக்கின்றன. பேச வேண்டுமென்றால் பதிவு செய்த எண்ணில் காலை பத்துக்கு மேல் அழைக்கலாம். கேச் பற்றி மட்டும் மறுபடி சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
மா. கோவிந்தன்
உதவியாளர் (ஓய்வு)
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்