24,000 வட்டில 10,405 பிடிச்சது எந்தக் கணக்குல?

மயிலாடுதுறை
19-1-2026

கிளை மேனேஜர் சாருக்கு வணக்கம்.

நான் சாரதா டீச்சர். முப்பத்தோரு வருஷம் ஹைஸ்கூல்ல கணக்கு எடுத்துட்டு 2019-ல ரிட்டயர் ஆனேன், இப்ப வயசு 64, பென்ஷன் உங்க கிளைல தான் வருது. சேவிங்ஸ் அக்கவுண்ட் கடைசி நாலு நம்பர் 4417. போன வாரம் பொங்கலுக்கு முன்னாடி நேர்ல வந்தேன், நீங்க மீட்டிங்ல இருக்கீங்கன்னு சொன்னாங்க, அதான் லெட்டரா எழுதிட்டேன். கொஞ்சம் நீளமா போகும், தப்பா எடுத்துக்காதீங்க.

விஷயம் இதான். எனக்கு உங்ககிட்ட ரெண்டு டெபாசிட் இருக்கு. ஒண்ணு 12,80,000 ரூபா, ஏழரை சதவீதம், மூணு மாசத்துக்கு ஒரு தடவ வட்டி 24,000 அக்கவுண்ட்ல விழும். ஜூன் கடைசில 24,000 வந்துச்சு, செப்டம்பர் கடைசிலயும் அதே 24,000, ஒரு பைசா பிடிக்கல. டிசம்பர் 31-க்கு பாஸ்புக் என்ட்ரி போட்டுப் பாத்தா 13,595. நான் மொதல்ல வேற யாரோட வட்டியோ மாறி விழுந்துருச்சுன்னு தான் நெனச்சேன், கண்ணாடியத் தொடச்சிட்டு மறுபடி பாத்தேன், அதே 13,595 தான்.

கவுன்டர்ல கேட்டா "டிடிஎஸ் பிடிச்சிருக்கு மேடம், பத்து பர்சன்ட்"னாங்க. சரிம்மா பத்து பர்சன்ட்னா 2,400 தான, மிச்சம் 21,600 வரணுமே, நீங்க 10,405 பிடிச்சிருக்கீங்களே, இது 43 பர்சன்ட்டுக்கு மேல வருதேன்னு கேட்டேன். அந்தப் பொண்ணு ஸ்கிரீன என் பக்கம் திருப்பி பேனாவால காட்டிச்சு, அங்க ரேட் 10-ன்னு தான் இருக்கு, பக்கத்துலயே 10,405-ன்னும் இருக்கு. "சிஸ்டம் தானா கட் பண்றது, நாங்க ஒண்ணும் பண்ண முடியாது"ன்னுடுச்சு. எனக்குப் பின்னாடி நகைக் கடனுக்கு வந்தவங்க எட்டு பேர் நின்னாங்க, அதுக்கு மேல நானும் நிக்கல. ஆனா சிஸ்டம் போட்டாலும் யார் போட்டாலும் வழிமுறை இல்லாம விடை மட்டும் எழுதினா நான் பாதி மார்க் தான் போடுவேன் சார்.

வீட்டுக்கு வந்து ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. பையன் பான் ஆதாரோட லிங்க் ஆகலன்னா 20 சதவீதம் பிடிப்பாங்கம்மான்னான். அப்படின்னாலும் 24,000-க்கு 4,800 தான், அதுவும் என் பான் லிங்க் ஆகி ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. தம்பி பொண்ணு செஸ் சேத்திருப்பாங்கன்னா. வட்டி டிடிஎஸ்ல நம்ம ஊர்ல இருக்கறவங்களுக்கு செஸ் கெடையாது, அப்படியே 4 சதவீதம் செஸ் சேத்தாலும் 2,496 தான். ரெண்டும் 10,405-க்கு கிட்ட கூட வரல.

அப்புறம் பழைய மார்க் ரிஜிஸ்டர்ல மிச்சம் இருந்த பக்கத்துல உக்காந்து போட்டுப் பாத்தேன். இந்த வருஷம் இதுவரைக்கும் கைக்கு வந்த மூணு வட்டியும் சேத்தா 72,000, அதுக்கு பத்து பர்சன்ட் 7,200. மிச்சம் 3,205 இடிக்குது. இந்த 3,205 எங்கேந்து வந்துச்சுன்னு ரெண்டு நாள் தூக்கமே இல்ல. மூணாவது நாள் பீரோல ரசீதெல்லாம் எடுத்துப் பாக்கும்போது தான் ரெண்டாவது டெபாசிட் ஞாபகம் வந்துச்சு, 6,00,000 ரூபா, ஏழு சதவீதம், வட்டி அசலோடவே சேர்ற மாதிரி போட்டது, ஏப்ரல் 1-ல தானா ரின்யூவல் ஆயிருக்கு. அதுல மொத மூணு மாசத்துக்கு 10,500, அடுத்ததுக்கு வட்டிக்கு வட்டியோட 10,684, டிசம்பருக்கு 10,871, கூட்டினா 32,055. அதுக்கு பத்து பர்சன்ட் 3,205. அப்ப 7,200-ம் 3,205-ம் சேந்து 10,405! ரூபா பிசகாம உக்காந்துடுச்சு.

ஆக நான் புரிஞ்சுக்கிட்டது இது. சீனியர் சிட்டிசனுக்கு வருஷத்துக்கு ஒரு லட்சம் வட்டி வரைக்கும் டிடிஎஸ் கெடையாது, 2025 ஏப்ரல்லேந்து 50,000-ங்கறத ஒரு லட்சம் ஆக்கிட்டாங்க. செப்டம்பர் வரைக்கும் ரெண்டு டெபாசிட்டும் சேத்தே 69,000 சொச்சம் தான், அதனால நீங்க ஒண்ணும் பிடிக்கல. டிசம்பர்ல 1,04,000-த்த தாண்டிடுச்சு, தாண்டின உடனே ஏப்ரல்லேந்து உள்ள மொத்தத்துக்கும் ஒரேயடியா பிடிச்சிட்டீங்க. கையில வராத வட்டிக்கான வரியையும் கையில வர்ற வட்டிலேந்தே எடுத்துட்டீங்க. 1,04,055-க்கு 10,405, இது பத்து பர்சன்ட் தான். 24,000-ஓட ஒப்பிட்டதால தான் எனக்கு 43-ஆ தெரிஞ்சிருக்கு. இது சரியா, இல்ல வேற ஏதாவது கணக்கா? சரின்னா சரின்னு எழுத்துல ஒரு வரி குடுங்க போதும்.

மொதல்ல எனக்கு ஒரு லட்சத்துக்கு மேல போன 4,055-க்கு மட்டும் தான பிடிக்கணும், 405 ரூபா தானன்னு தோணுச்சு. எதிர்வீட்டு ஆடிட்டர் தம்பி தான் அப்படி இல்ல டீச்சர், வரம்பத் தாண்டிட்டா முழுசுக்கும் தான்னு சொல்லுச்சு. சட்டம் அப்படின்னா சரி, அதுல உங்ககிட்ட சண்ட இல்ல.

என் வருத்தம் வேற. ஏப்ரல்ல நான் வரி பிடிக்க வேண்டாம்னு எழுதிக் குடுக்கற 15 ஹெச் ஃபார்ம் குடுக்கத் தான் வந்தேன். "உங்களுக்கு வருஷத்துக்கு 96,000 தான மேடம் வருது, லிமிட் ஒரு லட்சம் ஆயிடுச்சு, வேண்டாம்"னு கவுன்டர்ல திருப்பி அனுப்பிட்டாங்க. நானும் கைக்கு வர்றத மட்டும் தான் கணக்குல வச்சிருந்தேன், அது என் தப்பு, ஒத்துக்கறேன். ஆனா ரெண்டு டெபாசிட்டும் ஒரே கஸ்டமர் நம்பர்ல தான இருக்கு, வருஷம் முழுக்க எவ்வளவு வட்டி வரும்னு உங்க சிஸ்டத்துக்கு ஏப்ரல்லயே தெரியும்ல. அப்பவே சொல்லியிருந்தா ஃபார்ம் குடுத்திருப்பேன், இல்லன்னா மூணு தடவையா கொஞ்சம் கொஞ்சமா பிடிச்சிருந்தா நானும் அதுக்குத் தக்கன செலவு பண்ணியிருப்பேன். பொங்கல் சீர் குடுக்க இந்தப் பணத்த நம்பித் தான் இருந்தேன், கடைசில பக்கத்து வீட்ல 5,000 கைமாத்து வாங்கினேன். இந்த வயசுல அது கூச்சமா இருக்கு சார்.

பிடிச்சத அரசாங்கத்துக்குக் கட்டியிருப்பீங்க, திருப்பித் தர முடியாதுன்னு தெரியும், அத நான் ரிட்டர்ன் போட்டு வாங்கிக்கறேன். என் பென்ஷன் மாசம் 34,000, இந்த வட்டியச் சேத்தாலும் வருஷத்துக்கு அஞ்சரை லட்சம் தான் வருது, புது முறைல 12 லட்சம் வரைக்கும் தள்ளுபடி இருக்கறதால வரி ஒண்ணும் வராது. அதனால 15 ஹெச் ரெண்டு காப்பி பூர்த்தி பண்ணி இதோட வச்சிருக்கேன், ரெண்டு டெபாசிட் நம்பரும் அதுல எழுதியிருக்கேன். தயவுசெஞ்சு இந்த வாரமே சிஸ்டத்துல ஏத்திடுங்க, இல்லன்னா மார்ச்ல இன்னொரு 3,506 போயிடும், அதையும் கணக்கு போட்டு வச்சிருக்கேன். ஒரு காப்பில சீல் போட்டுக் குடுங்க.

டிசம்பர் காலாண்டுக்கான 16 ஏ சர்டிஃபிகேட் வந்ததும் தகவல் சொல்லுங்க, நானே வந்து வாங்கிக்கறேன். 26 ஏஎஸ்ல இன்னும் இந்தத் தொகை ஏறல, பிப்ரவரில மறுபடி பாப்பேன், அப்பவும் இல்லன்னா இன்னொரு லெட்டர் வரும்.

போன் பண்றதா இருந்தா சாயந்தரம் நாலுக்கு மேல பண்ணுங்க, அதுக்கு முன்னாடி ரெண்டு பத்தாங்கிளாஸ் பசங்க டியூஷனுக்கு வருவாங்க.

இப்படிக்கு,
கோ. சாரதா
ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை

இணைப்பு: 15 ஹெச் ஃபார்ம் 2 காப்பி, டிசம்பர் 31 பாஸ்புக் பக்கம் ஜெராக்ஸ், ரெண்டு டெபாசிட் ரசீது ஜெராக்ஸ், நான் போட்ட கணக்கு ஒரு தாள்.