மதிப்பெண் சான்றிதழில் பெயர்ப் பிழை திருத்தக் கோரும் விண்ணப்பம்

மன்னார்குடி,
22.09.2025

அனுப்புநர்:
செ. அமுதா, க/பெ. செல்வராசு,
14, மேலத்தெரு, மன்னார்குடி,
திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
அரசுத் தேர்வுகள் இயக்ககம்,
கல்லூரிச் சாலை, நுங்கம்பாக்கம், சென்னை – 600 006.

வழி: பள்ளித் தலைமை ஆசிரியர்

பொருள்: பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் – மகள் பெயரில் எழுத்துப் பிழை – திருத்தித் தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். என் மகள் மலர்விழி 2025 மார்ச் – ஏப்ரலில் நடந்த பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை எழுதித் தேர்ச்சி பெற்றாள். தேர்வெண் 4417263, பிறந்த தேதி 14.06.2009. பள்ளியில் தந்த அசல் சான்றிதழில் தமிழ்ப் பெயர் 'மலர்வழி செ' என்று அச்சாகியுள்ளது. 'மலர்விழி செ' என்று இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் பெயர் சரியாகவே உள்ளது. பிறந்த தேதி, பெற்றோர் பெயர், மதிப்பெண்கள் எதிலும் தவறில்லை.

தேர்வுக்கு முன் பெயர்ப்பட்டியலைச் சரிபார்த்துக் கையெழுத்து வாங்கியபோது ஆங்கிலப் பெயரைத்தான் எங்களிடம் காட்டினார்கள். தமிழ்ப் பெயரைச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் பார்த்தோம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. விசாரிக்கப் போன ஓர் இடத்தில், பெயர் மாற்றத்தை அரசிதழில் வெளியிட்டு அந்தப் பிரதியுடன் வாருங்கள் என்றார்கள். ஐயா, நாங்கள் பெயரை மாற்றவே இல்லை. பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ், ஆதார் எல்லாவற்றிலும் அவள் மலர்விழிதான். இல்லாத மாற்றத்தை அரசிதழில் போட்டால், நாளைக்கு அதுவே புதிய குழப்பமாகிவிடும். ஆகவே இதை எழுத்துப் பிழைத் திருத்தமாகவே எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அவள் இப்போது பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். 2027-இல் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதுவாள். அந்தப் பெயர்ப்பட்டியல் தயாராவதற்கு முன் இது சரியாகிவிட்டால், பிழை அடுத்த சான்றிதழுக்கும் போகாது. சான்றிதழை மட்டும் மாற்றாமல் தங்கள் கணினிப் பதிவிலும் திருத்த வேண்டுகிறேன். பின்னாளில் உண்மைத்தன்மை சரிபார்க்கும்போது இரண்டும் ஒத்துப்போக வேண்டுமே.

அசல் சான்றிதழைத் தலைமை ஆசிரியரிடம் ஒப்படைத்திருக்கிறேன். கல்வி உதவித்தொகைக்கு எந்த நேரத்திலும் கேட்பார்கள் என்பதால், அது தங்கள் அலுவலகம் வந்து சேர்ந்ததற்கு ஓர் ஒப்புகை அனுப்பினால் உதவியாக இருக்கும். கட்டணம் ஏதேனும் இருந்தால் பள்ளி வழியாகத் தெரிவியுங்கள், உடனே செலுத்திவிடுகிறேன்.

இணைப்பு: அசல் மதிப்பெண் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், ஆதார் நகல்கள், தலைமை ஆசிரியர் சான்றொப்பமிட்ட சேர்க்கைப் பதிவேட்டுப் பக்கத்தின் நகல், பள்ளியின் பரிந்துரைக் கடிதம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செ. அமுதா
(மாணவியின் தாய்)