ரெட்டிச்சாவடி மனை: கிரையப் பத்திர வரைவும் வில்லங்கச் சான்றும்

மஞ்சக்குப்பம், கடலூர்
12.11.2025

குமரவேல் அண்ணா, வணக்கம்.

நீங்கள் வாங்கப் பார்க்கும் ரெட்டிச்சாவடி மனைக்கு, அதை விற்கும் பிரான்ஸ்வாசி செல்வராஜின் பவர் ஏஜென்ட் கொடுத்த பத்திர வரைவையும் வில்லங்கச் சான்றையும் படித்துவிட்டேன். இரண்டும் இந்தக் கடிதத்தோடு இருக்கின்றன. போனில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்பதால் எழுதுகிறேன். தாள்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். அண்ணியும் கூட உட்கார்ந்து படிப்பது நல்லது, பணம் இருவருடையதும்தானே.

பத்திரம் என்பது விற்பவர் சொல்லும் கதை. இந்தச் சொத்து எனக்கு இப்படி வந்தது, இவ்வளவு இருக்கிறது, இன்ன விலைக்கு உங்களுக்குத் தருகிறேன் என்று அவர் எழுதிக் கொடுக்கிறார். வில்லங்கச் சான்று அந்தக் கதைக்கு சார்பதிவாளர் அலுவலகப் புத்தகம் சொல்லும் சாட்சி. பதிவுக்கு வந்த ஆவணங்கள் மட்டும்தான் அதில் வரும். பிரான்சில் நடந்த சாவு, கோர்ட்டில் கிடக்கும் வழக்கு, பதிவு செய்யாத உயில், வாய்ப்பேச்சாகப் பிரித்துக்கொண்ட பாகம் எதுவும் அதற்குத் தெரியாது. ஆகவே சான்றில் ஒன்றும் இல்லை என்றால் சொத்தில் பிரச்சினையே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஏஜென்ட் கொடுத்த சான்று 1987-லிருந்து தொடங்குகிறது. புது சர்வே எண் 112/7-க்கு மட்டும் போட்டிருக்கிறார். ஆனால் செல்வராஜின் அப்பா 1968-ல் வாங்கிய பத்திரத்தில் எண் 84/2. எண்பதுகளில் நில ஆவணங்களைப் புதுப்பித்தபோது எண் மாறிவிட்டது. அந்தப் பத்திரத்தில் மாவட்டம் தென்னாற்காடு என்றுதான் இருக்கும், அது சரிதான். கடலூர் மாவட்டம் பிரிந்தது 1993-ல். பழைய எண்ணுக்கும் சேர்த்து 1965 முதல் தேடச் சொல்லி நான் தனியாக மனு போட்டேன். பழைய காலத்துக் குறியீட்டுப் புத்தகத்தைக் கையால் புரட்டித்தான் கொடுத்தார்கள். விஷயமெல்லாம் அந்தச் சான்றில்தான் வந்திருக்கிறது.

ஒவ்வொரு பதிவிலும் ஆவண எண்ணும் ஆண்டும் முதலில் வரும். அடுத்து ஆவணத்தின் தன்மை, அதாவது கிரையமா, அடமானமா, விடுதலையா என்பது. அப்புறம் எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், கைமாற்றுத் தொகை. கீழே சொத்தின் விஸ்தீரணமும் எல்லை விவரமும். நம் ஆட்கள் பெரும்பாலும் பெயரையும் தொகையையும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்கள். முதலில் பார்க்க வேண்டியது விஸ்தீரணம்.

1968-ஆம் ஆண்டுப் பதிவில் செல்வராஜின் அப்பா 5 குழி வாங்கியிருக்கிறார். குழிக்கு 24 அடிக்கு 24 அடி என்று பத்திரத்திலேயே அளவு சொல்லியிருக்கிறது. ஒரு குழி 576 சதுர அடி, ஐந்துக்கு 2,880. உங்களிடம் சொன்ன அளவும் வரைவில் எழுதியிருப்பதும் இதுதான். ஆனால் 1979-ல் இன்னொரு கிரையம் இருக்கிறது. அதே அப்பா தென்புறம் 1 குழியை அடுத்த வீட்டுக்காரருக்கு விற்றிருக்கிறார். மிச்சம் 4 குழி, 2,304 சதுர அடி. பட்டாவில் 214 சதுர மீட்டர் என்று இருப்பதும் இதோடு ஒத்துப்போகிறது. செல்வராஜ் ஏமாற்றுகிறார் என்று நான் நினைக்கவில்லை. 1979-ல் அவர் சின்னப் பையன், குடும்பமே முத்தியால்பேட்டையிலிருந்து பிரான்சுக்குப் போய்விட்டது. அவர் கையில் இருப்பது அப்பாவின் பழைய பத்திர நகல் மட்டும்தான். ஆனால் உங்கள் விலை அந்த நகலை வைத்துப் பேசியது. சதுர அடி 625 ரூபாய் என்று 18,00,000 பேசினீர்கள். 2,304-க்கு வருவது 14,40,000. வரைவில் தெற்கு எல்லையும் தப்பாக இருக்கிறது. 1968 பத்திரத்திலுள்ள வாய்க்காலையே இன்னும் எழுதியிருக்கிறார்கள். இப்போது தெற்கே இருப்பது அடுத்த வீட்டுக்காரர் மனை. சர்வேயரை வைத்து அளந்து கல் நட்ட பிறகுதான் நான்கெல்லையை இறுதி செய்வோம்.

அடுத்த பதிவு 1991. ஒரு கூட்டுறவு வங்கிக்கு 15,000 ரூபாய்க்கு அடமானம். கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணம் எங்கேயும் பதிவாகவில்லை. தொகையைப் பார்த்தால் எப்போதோ கட்டி முடித்திருப்பார்கள். ஆனால் கட்டியது வங்கிக்குத் தெரியும், சார்பதிவாளர் புத்தகத்துக்குத் தெரியாது. அசல் பத்திரம் இன்னும் அந்த வங்கிப் பெட்டியில் கிடக்கலாம் என்பது என் சந்தேகம். அசல் எங்கே என்று கேட்டபோது ஏஜென்ட் மழுப்பியதும் அதனால்தான் என்று தோன்றுகிறது. வங்கியிடம் ரசீது எழுதி வாங்கிப் பதிவு செய்து, அசலையும் மீட்டுத் தர வேண்டியது அவர்கள் பொறுப்பு.

கடைசிப் பதிவு 2021-ல் போட்ட கிரைய உடன்படிக்கை. வேறொருவர் இதே மனைக்கு 2,00,000 அட்வான்ஸ் கொடுத்து 11 மாதக் கெடுவோடு பதிந்திருக்கிறார். கெடு முடிந்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதால் அது தானாகச் செத்துவிட்டது என்று ஏஜென்ட் சொல்கிறார். பாதி உண்மை. பத்திரம் எழுதித் தரச் சொல்லி வழக்குப் போட மூன்று வருடம்தான் காலவரம்பு. ஆனால் அந்த வரம்புக்குள்ளேயே வழக்குப் போட்டிருந்தால்? கடலூர் நீதிமன்றத்தில் செல்வராஜ் பெயரில் வழக்கு இருக்கிறதா என்று நான் பார்க்கிறேன். எப்படியானாலும் அந்த ஆள் வந்து ரத்து ஆவணம் பதிந்து தர வேண்டும். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தார்களா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

இனி சான்றில் இல்லாத விஷயம். எனக்குப் பெரிய கவலையே இதுதான். 1968-க்குப் பிறகு இந்த மிச்ச 4 குழி அப்பா பெயரைவிட்டு நகரவே இல்லை. வரைவில் "என் தகப்பனார் காலத்துக்குப் பின் வாரிசு முறையில் எனக்குப் பாத்தியப்பட்டு, என் சுவாதீன அனுபவத்தில் இருந்து வருகிற" என்று ஒரே வரியில் தாண்டிவிட்டார்கள். அப்பா 2009-ல் பிரான்சில் இறந்தார், அம்மாவும் இல்லை. ரீயூனியன் தீவில் ஒரு தங்கை இருக்கிறார் என்று நீங்கள்தான் பேச்சுவாக்கில் சொன்னீர்கள். அப்பா சுயமாக வாங்கிய சொத்து. உயில் இல்லாவிட்டால் மகளுக்கும் மகனுக்கும் சரிபாதி. தங்கை தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்ததாகப் பதிவு எதுவும் இல்லை. அவர் சேராமல் வாங்கினால் நீங்கள் வாங்குவது பாதி மனை. பிரெஞ்சுக் குடும்பங்களிடம் லிவ்ரே த ஃபமீய் என்று ஒரு குடும்பப் புத்தகம் இருக்கும், பிள்ளைகள் எல்லோர் பெயரும் அதில் இருக்கும். அதன் நகலும் பெற்றோர் இருவரின் இறப்புச் சான்றும் தமிழாக்கத்தோடு வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். வேறு பிள்ளைகள் உண்டா என்பதும் அதில் தெரியும். தங்கை அங்குள்ள சான் தெனி இந்தியத் துணைத் தூதரகத்தில் தனியாகப் பவர் எழுதி அனுப்பட்டும்.

பவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். செல்வராஜ் பாரிஸ் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டது 4.9.2025. இங்கே வந்து சேர்ந்தது 20.9.2025. வெளிநாட்டில் எழுதிய ஆவணத்துக்கு இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். இன்னும் கட்டவில்லை, டிசம்பர் 20 நெருங்குகிறது. பதிவு நாளன்று செல்வராஜ் உயிரோடு இருப்பதற்கான சான்றும் கேட்பார்கள், ஏனென்றால் எழுதிக் கொடுத்தவர் இறந்தால் பவரும் அதோடு போய்விடும். இதோடு நீங்களே ஒருமுறை அவரோடு வீடியோ காலில் முகம் பார்த்துப் பேசிவிடுங்கள். இன்னொன்று: பவரில் பெயர் பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கிறது, குடும்பப் பெயர் முன்னால் வருகிறது. பட்டாவில் அப்பாவின் பெயர் தமிழ் முறையில் இருக்கிறது. இரண்டும் ஒரே குடும்பம் என்று பத்திரத்தில் ஒரு வாசகம் சேர்க்கிறேன்.

அவர் பிரெஞ்சுக் குடிமகனாயிற்றே, விற்கலாமா என்று கேட்டீர்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருக்கிறார், இந்தியாவில் வசிக்கும் உங்களுக்கு விற்கத் தடையில்லை.

வரி விஷயத்தில் கவனம். உள்ளூர்க்காரரிடம் வாங்கினால் 50 லட்சத்துக்குக் கீழே நீங்கள் எதுவும் பிடிக்க வேண்டாம். வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் அந்த வரம்பே கிடையாது, 195-ஆம் பிரிவின்படி நீங்கள்தான் வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும். பிடிக்காமல் முழுத் தொகையையும் கொடுத்துவிட்டால் துறை உங்களைத்தான் கேட்கும், பாரிசுக்குப் போகாது. நீண்டகால ஆதாயத்துக்கு 12.5 சதவீதம், அந்த வரித் தொகையின்மேல் செஸ் 4 சதவீதம், ஆக மொத்தம் 13 சதவீதம். முழு விலைக்கும் பிடித்தால் 14,40,000-க்கு 1,87,200 ரூபாய். இது அதிகம் என்று செல்வராஜ் நினைத்தால் வருமான வரித் துறையிடம் குறைந்த வரிச் சான்று வாங்கி வரட்டும். தங்கை சேர்ந்தால் அவரவர் பங்குக்குத் தனித்தனியாகப் பிடிக்க வேண்டும். வரி பிடித்துக் கட்டுபவருக்கான டான் எண்ணை இப்போதே எடுக்க உங்கள் ஆடிட்டரிடம் சொல்லுங்கள், பான் எண் இதற்குப் போதாது. மீதித் தொகை வெளிநாட்டில் வசிப்பவர்கள் இங்கே வைத்திருக்கும் என்.ஆர்.ஓ. கணக்குக்கு, அவரவர் பெயரில், வங்கி வழியாகத்தான் போக வேண்டும். ஏஜென்ட் கணக்கில் ஒரு ரூபாய்கூட வேண்டாம். பவரில் பணம் பெறும் அதிகாரம் எழுதியிருந்தாலும் வேண்டாம்.

பதிவுச் செலவு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு நம் விலையைவிடக் குறைவுதான், ஆகவே நம் விலைக்கே கணக்கு: 1,00,800-ம் 28,800-ம், மொத்தம் 1,29,600.

வரைவின் கடைசிப் பக்கத்தில் "பின்னிட்டு ஏதேனும் வில்லங்க விவகாரம் ஏற்பட்டால் என் சொந்தச் செலவில் முன்னின்று தீர்த்துக் கொடுக்கவும் சம்மதிக்கிறேன்" என்று இருக்கிறது. எல்லாப் பத்திரத்திலும் வரும் வாசகம்தான். மஞ்சக்குப்பத்தில் இருப்பவர் எழுதினால் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். இந்த வரியைப் பிடித்துக்கொண்டு பாரிசில் வழக்கு நடத்துவது நம்மால் ஆகிற காரியமில்லை. அதனால்தான் பின்னால் தீர்ப்பார் என்று எதையும் விடாமல் முன்னாலேயே தீர்க்கச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏஜென்ட் உங்கள் கடைக்கு வந்து 3 லட்சம் அட்வான்ஸ் கேட்கப் போகிறார். ரசீது ஆவணம், ரத்து ஆவணம், தங்கையின் பவர், அசல் பத்திரம், இந்த நான்கும் என் மேசைக்கு வந்த பிறகு பேசலாம் என்று சொல்லுங்கள். 1979 கிரையத்தின் நகலை அவரிடம் காட்டலாம், மறைக்க ஒன்றுமில்லை. வேறு ஆள் கேட்கிறார் என்று அவசரப்படுத்தினால் விட்டுவிடுங்கள் அண்ணா. அந்த ஆளும் இதே நான்கைத்தான் கேட்பார்.

அன்புடன்,
மீனாட்சி
வழக்கறிஞர்