தொடக்கநிலை 5 மாணவனுக்கு வீட்டுக்கு வந்து தமிழ் கற்பிக்க ஆசிரியர் தேவை (செங்காங்)

பாடம்: தமிழ்மொழி (உயர்தமிழ் அல்ல)
மாணவன்: தொடக்கநிலை 5, அடுத்த ஆண்டு தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு
இடம்: செங்காங் கிழக்கு, ரும்பியா எல்ஆர்டி நிலையத்துக்கு அருகில்
நேரம்: செவ்வாய் மாலை 5.00 – 6.30, சனி காலை 10.00 – 11.30
கட்டணம்: மணிக்கு 40 வெள்ளி. ஒரு வகுப்புக்கு 60, மாதம் 8 வகுப்புக்கு 480 வெள்ளி
தொடக்கம்: ஜூன் விடுமுறை முடிந்து மூன்றாம் தவணை தொடங்கும் வாரம்

வணக்கம். மேலே இருப்பதைப் பார்த்ததுமே ஒத்துவராது என்று தோன்றுபவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். ஒத்துவரும் என்பவர்களுக்காக என் மகனைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

அவனுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். வீட்டில் என் மாமியார் அவனிடம் நாள் முழுவதும் தமிழில்தான் பேசுகிறார். அவனோ பதிலை ஆங்கிலத்தில்தான் சொல்கிறான். இருவரும் இப்படியே பத்து ஆண்டுகளாகச் சண்டையில்லாமல் வாழ்ந்துவிட்டார்கள். சிக்கல் பள்ளியில்தான். கடந்த மதிப்பீட்டில் 68 மதிப்பெண் வாங்கினான். கருத்தறிதலில் பெரிய குறையில்லை. வாய்மொழியில்தான் வாயடைத்து நிற்கிறான். படத்தைக் காட்டிக் கேட்டால் மூன்று வாக்கியம் சொல்வான், அவற்றுள் இரண்டு 'அப்புறம்' என்று தொடங்கும். இறுதித் தேர்வில் மொத்தம் 200 மதிப்பெண்ணில் 50 வாய்மொழிக்கு என்பதால் இதை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. கட்டுரையில் ல, ள, ழ மூன்றும் அவனுக்கு ஒரே எழுத்து. 'பள்ளி', 'பல்லி' ஆகி, பல்லிக்குத் தினமும் பேருந்தில் போய்வருகிறான்.

எனவே எங்களுக்கு வேண்டியது, பயிற்சித்தாள்களைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து போடும் ஆசிரியர் அல்ல. தாள்கள் வீட்டில் நிறையவே இருக்கின்றன, பாதி இன்னும் பிரிக்கப்படவில்லை. ஒவ்வொரு வகுப்பிலும் முதல் அரை மணி நேரமாவது அவனைத் தமிழில் பேசவைக்க வேண்டும். எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம். காற்பந்து என்றால் தானே ஆரம்பித்துவிடுவான். அவன் ஆங்கிலத்துக்குத் தாவும்போது நீங்களும் தாவிவிடாமல் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். மீதி நேரத்தைக் கட்டுரைக்கும் மொழிப்பயிற்சிக்கும் வைத்துக்கொள்ளலாம். பள்ளி வீட்டுப்பாடத்தை நானே பார்த்துக்கொள்கிறேன்.

ஆசிரியப் பயிற்சி பெற்றவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், தமிழ் படிக்கும் பல்கலைக்கழக மாணவர் என யாராக இருந்தாலும் சரி. இங்குள்ள தொடக்கநிலைப் பாடத்திட்டம் தெரிந்திருக்க வேண்டும், சிங்கப்பூரில் வேலை செய்யச் சட்டப்படி அனுமதி இருக்க வேண்டும். இந்த இரண்டிலும் விட்டுக்கொடுக்க முடியாது. நீண்ட அனுபவமுள்ள பள்ளி ஆசிரியர் மணிக்கு 40 வெள்ளி குறைவு என்று நினைத்தால் வெளிப்படையாகக் கேளுங்கள், 50 வரை பேசலாம். அதற்கு மேல் எங்களால் இயலாது.

முதல் வகுப்பு இரு தரப்புக்கும் ஒரு முன்னோட்டம். பிடிக்காவிட்டால் அத்துடன் முடித்துக்கொள்ளலாம், ஆனால் அந்த வகுப்புக்கும் 60 வெள்ளி உண்டு. இலவசமாகச் சொல்லிக்கொடுக்கச் சொல்வது முறையல்ல. கட்டணத்தை மாதக் கடைசி வகுப்பன்று பேநவ் வழியாக அனுப்பிவிடுவேன். நாங்கள் 24 மணி நேரத்துக்குள் வகுப்பை ரத்து செய்தால் முழுக் கட்டணமும் தருவோம். உங்களால் வர முடியாவிட்டால் வேறொரு நாளில் ஈடு செய்தால் போதும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வகுப்பு இல்லை. டிசம்பரில் இரண்டு வாரம் ஊருக்குப் போவோம்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முன்பு வந்த ஆசிரியர் நல்லவர்தான், ஆனால் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு குறுஞ்செய்தியோடு நின்றுவிட்டார். பையன் அதன்பிறகு ஒரு மாதம் தமிழ்ப் புத்தகத்தைத் தொடவே இல்லை. ஆகையால், அடுத்த ஆண்டு செப்டம்பர் இறுதியில் எழுத்துத் தேர்வு தொடங்கும்வரையாவது தொடர்ந்து வர முடிந்தவர்கள் மட்டும் விண்ணப்பியுங்கள்.

வகுப்பு வரவேற்பறை மேசையில் நடக்கும். நானோ மாமியாரோ வீட்டில் இருப்போம், குறுக்கிட மாட்டோம். சனிக்கிழமை மட்டும் மாமியார் இட்லியும் தேநீரும் தராமல் உங்களை விடமாட்டார். அந்த விஷயத்தில் என் பேச்சு செல்லாது.

ஆர்வமுள்ளோர் இந்தக் குழுவிலேயே எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். உங்கள் தகுதி, இதற்குமுன் கற்பித்த நிலைகள், எந்தப் பகுதியிலிருந்து வருகிறீர்கள் என்பதை எழுதுங்கள். கூடவே, பேசத் தயங்கும் பிள்ளையை எப்படிப் பேசவைப்பீர்கள் என்று ஒரு நிமிடக் குரல்பதிவும் தமிழில் அனுப்புங்கள். அதைத்தான் முதலில் கேட்பேன். ஜூன் 15க்குள் வரும் செய்திகள் எல்லாவற்றுக்கும் பதில் போடுவேன். முகவர்கள் தயவுசெய்து வேண்டாம்.

மாணவனின் தாயார்,
செங்காங்