கணிதத் தொகுத்தறிதல்: அடிப்படை நிலையும் தொகுத்தறிப் படியும்

தனிநிலைக் கணிதம், கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு, விரிவுரை 6

ஸ்லைடு 1: எதை நிறுவ வேண்டும்?

P(n) என்பது இயல் எண் n பற்றிய ஒரு கூற்று என்க. அது எல்லா n ≥ 1 க்கும் உண்மை என்று காட்ட இரண்டு வேலைகளைச் செய்கிறோம்.

அடிப்படை நிலை: P(1) உண்மை என்று நேரடியாகச் சரிபார்க்கிறோம்.

தொகுத்தறிப் படி: k ≥ 1 ஆக உள்ள ஒவ்வொரு k க்கும், P(k) உண்மையானால் P(k+1) உம் உண்மை என்று நிறுவுகிறோம்.

P(1) இலிருந்து P(2), அதிலிருந்து P(3) என்று போனால், எந்த n ஐக் கேட்டாலும் n − 1 தாவல்களில் அதை அடைந்துவிடலாம்.

ஸ்லைடு 2: ஒரு நிறுவல், முழுமையாக

கூற்று: முதல் n ஒற்றை எண்களின் கூடுதல் n² ஆகும்.

1 + 3 + 5 + … + (2n − 1) = n²

n = 1 எனில் இடப்பக்கம் 1, வலப்பக்கம் 1² = 1; எனவே P(1) உண்மை.

இப்போது ஏதேனும் ஒரு k ≥ 1 ஐ எடுத்துக்கொண்டு, அந்த k க்கு 1 + 3 + … + (2k − 1) = k² என்று கருதுவோம். அடுத்த ஒற்றை எண்ணான 2k + 1 ஐ இருபுறமும் கூட்டினால்,

1 + 3 + … + (2k − 1) + (2k + 1) = k² + 2k + 1 = (k + 1)²

இது P(k+1) தான். விடைத்தாளில் "கருதுகோளின்படி" என்ற சொல் எந்த வரியில் வருகிறது என்பதை நான் முதலில் பார்ப்பேன். அந்தச் சொல் எங்கும் இல்லையென்றால், பெரும்பாலும் அங்கே தொகுத்தறிதல் நடந்திருக்காது.

ஸ்லைடு 3: "நிறுவ வேண்டியதையே உண்மை என்று எடுத்துக்கொள்கிறோமே?"

ஒவ்வோர் ஆண்டும் யாராவது கேட்கும் கேள்வி இது. கேட்க வேண்டிய கேள்வியும்கூட. நாம் நிறுவ வேண்டியது எல்லா n க்குமான P(n). கருதுவதோ, ஒரே ஒரு k க்கான P(k) மட்டுமே, அதுவும் "உண்மையாக இருந்தால்" என்ற நிபந்தனையோடு. "மழை பெய்தால் தரை நனையும்" என்று சொல்பவர் இன்று மழை பெய்ததாகச் சொல்லவில்லை. தொகுத்தறிப் படியும் அத்தகைய ஒரு கூற்றுதான்: P(k) இலிருந்து P(k+1) க்கு வழி உண்டு என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை.

ஸ்லைடு 4: அடிப்படை நிலை இல்லையென்றால்

ஸ்லைடு 2 இன் கூற்றில் வலப்பக்கத்தை மட்டும் n² + 1 என்று மாற்றுவோம். k க்கு இது உண்மை என்று கருதி 2k + 1 ஐக் கூட்டினால்,

k² + 1 + 2k + 1 = (k + 1)² + 1

தொகுத்தறிப் படி குறையின்றி நிறைவேறுகிறது. ஆனால் n = 1 க்கு இடப்பக்கம் 1, வலப்பக்கம் 2. கூடுதல் எப்போதும் n² தான் என்பதால், இந்தக் கூற்று ஒரு n க்குக்கூட உண்மையில்லை. பொய்யிலிருந்து பொய்க்குச் சரியான பாதை போட முடியும் என்பதால்தான், ஒரு வரியில் முடிந்துவிடும் அடிப்படை நிலையை விட்டுவிடக் கூடாது.

ஸ்லைடு 5: தொகுத்தறிப் படி இல்லையென்றால்

n² + n + 41 என்ற கோவையில் n = 0 என்றால் 41, n = 1 என்றால் 43, n = 2 என்றால் 47 கிடைக்கின்றன; மூன்றும் பகா எண்கள். n = 39 வரை, தொடர்ந்து 40 மதிப்புகளும் பகா எண்களே. ஆனால் n = 40 எனில்,

40² + 40 + 41 = 40 × 41 + 41 = 41 × 41 = 1681

நாற்பது சோதனைகளில் தேறிய கூற்று அடுத்ததிலேயே உடைகிறது. P(k) உண்மையாவது P(k+1) ஐ ஏன் உண்மையாக்குகிறது என்ற காரணம் இங்கே தொடக்கத்திலிருந்தே இல்லை. நிரலைச் சில உள்ளீடுகளில் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சரி என்று முடிவுகட்டும்போது நாம் செய்வதும் இதே தவறுதான்.

ஸ்லைடு 6: இரண்டும் இருப்பதுபோல் தோன்றும்போது

கூற்று: எந்த n கோலிக்குண்டுகளை எடுத்தாலும் அவை அனைத்தும் ஒரே நிறம்.

n = 1 க்கு ஐயமில்லை. k + 1 குண்டுகளில் முதலாவதை ஒதுக்கினால் மீதி k உம் ஒரே நிறம். கடைசியை ஒதுக்கினாலும் மீதி k உம் ஒரே நிறம். இரண்டு குழுக்களுக்கும் பொதுவான குண்டுகள் நடுவில் இருப்பதால் எல்லாம் ஒரே நிறம் என்று வாதிடலாம்.

k = 1 இல் நின்று பாருங்கள். இருப்பது இரண்டே குண்டுகள். ஒவ்வொரு குழுவிலும் ஒரு குண்டுதான். நடுவில் பொதுவாக எதுவும் இல்லை. k ≥ 2 க்கெல்லாம் வாதம் செல்லும் என்றாலும், 1 இலிருந்து 2 க்குப் போகும் அந்த ஒரு தாவல் இல்லாததால் மற்ற எதுவும் பயன்படவில்லை. ஆகவே படியை எழுதியதும், அடிப்படை நிலையில் நீங்கள் சரிபார்த்த எண்ணையே k ஆக வைத்து அதை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

ஸ்லைடு 7: வகுப்பில் செய்ய

2ⁿ > n² என்ற கூற்றை எடுத்துக்கொள்வோம். k ≥ 3 எனில் k² ≥ 2k + 1 என்பதால்,

2ᵏ⁺¹ = 2 · 2ᵏ > 2k² ≥ k² + 2k + 1 = (k + 1)²

அதாவது படி k = 3 இலிருந்தே செல்லும். n = 3, 4, 5 ஆகியவற்றுக்குக் கூற்றைத் தனித்தனியே சரிபார்த்து, நிறுவலை எந்த எண்ணில் தொடங்க வேண்டும் என்பதைக் காரணத்துடன் எழுதுங்கள். n = 1 க்கும் கூற்று உண்மைதான்; அதை அடிப்படை நிலையாக வைக்க முடியாதது ஏன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.